ஆறு வீடியோவுக்கு இரண்டு மின்னஞ்சல்கள்: ஸ்கிரிப்ட் வேலையை எப்படி எழுதி ஒப்புக்கொள்வது?

பைகள் விற்கும் ஒரு கடைக்கு ஆறு வீடியோக்கள் கொண்ட தொடர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம். பையைத் தேர்ந்தெடுப்பது, பராமரிப்பது, ஜிப் பழுதானால் என்ன செய்வது என்று வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளே தலைப்புகள். ஸ்கிரிப்ட் எழுத வெளியிலிருந்து ஓர் எழுத்தாளரை அழைத்திருக்கிறார்கள். தொலைபேசியில் பேசி முடித்தாயிற்று. இனி எழுத்தாளர் அனுப்பப்போகும் மின்னஞ்சல்தான் இருவருக்கும் இடையில் இருக்கும் ஒரே ஆவணம்.

அந்த மின்னஞ்சலை இரண்டு விதமாக எழுதலாம். பெரும்பாலோர் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம். பேசியபடி ஆறு வீடியோக்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறேன். தேவையான திருத்தங்களைச் செய்து தருவேன். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். ஸ்கிரிப்ட்டின் உரிமை உங்களுக்கே."

மற்றொன்று ஒரு பக்க அளவுக்கு நீளும். வேலையின் எல்லை, திருத்தச் சுற்றுகள், ஒப்படைக்கும் நாள், பயன்பாட்டு உரிமை ஆகிய நான்கையும் தனித்தனியே சொல்லும். முதலாவது நட்பாகத் தெரியும், இரண்டாவது கறாராகத் தெரியும். ஆனால் வேலை மூன்றாவது வீடியோவை எட்டும்போது நட்பைக் காப்பாற்றுவது இரண்டாவதுதான் என்பது என் உறுதியான கருத்து.

வேலையின் எல்லையில் வேறுபாடு எளிதாகப் புரியும். "ஆறு ஸ்கிரிப்ட்" என்றால் பேச வேண்டிய வசனம் மட்டுமா? இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி என இரண்டு பத்திகளில் எழுதித் தருவதா? திரையில் தோன்றும் எழுத்துகள், வீடியோவின் தலைப்பு, கீழே போடும் விவரக் குறிப்பு எல்லாம் இதில் சேருமா? கடைக்காரர் எல்லாம் சேரும் என்று நினைத்திருப்பார், எழுத்தாளர் வசனத்தை மட்டும் நினைத்திருப்பார். இருவர் மேலும் குற்றமில்லை. மின்னஞ்சல்தான் வாய் திறக்கவில்லை. நீளமான மின்னஞ்சல் இதை மூன்று வாக்கியங்களில் முடித்துவிடும்: "ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் சத்தமாக வாசித்தால் 90 விநாடிக்குள் முடியும். காட்சிக் குறிப்பும் திரை எழுத்தும் அடங்கும். 30 விநாடிச் சுருக்க வடிவம், வேறு மொழி வடிவம், படப்பிடிப்புத் தளத்தில் உடனிருப்பது ஆகியவை அடங்காது." நீளத்தைச் சொல் கணக்கில் குறிப்பிடாமல் வாசிக்கும் நேரத்தில் குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒரே எண்ணிக்கையிலான சொற்களை ஒருவர் நிதானமாகவும் இன்னொருவர் வேகமாகவும் பேசுவார். காட்சிக்காக மௌனம் விட வேண்டிய இடங்களும் உண்டு. கடிகாரத்தை வைத்து வாசித்தால் இருவருக்கும் ஒரே விடை கிடைக்கும்.

அடங்காதவற்றைப் பட்டியலிடுவது அடங்குபவற்றைச் சொல்வதைவிடப் பயன் தரும். 90 விநாடி வீடியோவிலிருந்து 30 விநாடி விளம்பரம் வெட்டித் தரச் சொல்வது மிகச் சாதாரணமாக வரும் கோரிக்கை. சில வரிகளை நீக்கினால் போதும் என்று கடைக்குத் தோன்றும். உண்மையில் தொடக்கம், பொருளின் பெயர் வரும் இடம், முடிவு மூன்றையும் புதிதாக யோசிக்க வேண்டும்.

அடுத்தது திருத்தம். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. திருப்தியாகும் வரை திருத்தித் தருவது ஒன்று. ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டுக்கும் இத்தனை சுற்று என்று வரையறுப்பது இன்னொன்று. ஒப்படைத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் எத்தனை திருத்தம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று கால எல்லை வைப்பது மூன்றாவது.

முதல் வழி கடைக்கு லாபம் என்று தோன்றும். அது உண்மையில்லை. எல்லை இல்லாதபோது கருத்துகள் துண்டு துண்டாக வரும். காலையில் உரிமையாளர் ஒரு வரியை மாற்றச் சொல்வார், மாலையில் மேலாளர் அதைப் பழையபடி வைக்கச் சொல்வார், மறுநாள் கேமரா பிடிப்பவர் வேறொன்று சொல்வார். ஐந்தாவது வடிவத்தில் ஸ்கிரிப்ட் யாருடைய குரலிலும் இருக்காது. கால எல்லை வைக்கும் வழியும் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதில்லை, அதே குழப்பத்தைப் பத்து நாளுக்குள் அடைக்கிறது. ஆகவே சுற்று முறையே நல்லது. ஆனால் "இரண்டு சுற்று" என்று மட்டும் எழுதினால் அதுவும் பயன்படாது. ஒரு சுற்று என்பது எது என்று சொல்ல வேண்டும்: கடையின் சார்பில் ஒரே ஒருவர், எல்லோருடைய கருத்தையும் தொகுத்து, ஒரே மின்னஞ்சலில் அனுப்புவது ஒரு சுற்று.

இதையும் தாண்டி ஒரு கேள்வி இருக்கிறது. திருத்தம் எங்கே முடிகிறது, மறுபடி எழுதுவது எங்கே தொடங்குகிறது? மூன்றாவது வீடியோவை எடுத்துக்கொள்வோம். ஜிப் பழுதைப் பற்றிய அந்த ஸ்கிரிப்ட்டில் கடை ஊழியர் ஒருவர் கேமராவைப் பார்த்து விளக்குகிறார். தொடக்க வரி மந்தமாக இருக்கிறது, மாற்றுங்கள் என்று கடை கேட்டால் அது திருத்தம். ஊழியர் வேண்டாம், இரண்டு நண்பர்கள் பேசிக்கொள்வதுபோல் வையுங்கள் என்றால் அது புது ஸ்கிரிப்ட். ஆனால் இதைக் கேட்பவருக்கு இரண்டுமே "சின்ன மாற்றம்" என்றுதான் தோன்றும். அளவுகோல் இல்லாமல் இதை வாதாடி வெல்ல முடியாது.

அளவுகோலை முன்கூட்டியே செய்துவைக்கலாம். ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஐந்தாறு வரியில் ஒரு சுருக்கம் அனுப்ப வேண்டும். யார் பேசுகிறார், எங்கே நடக்கிறது, எந்தக் கேள்வியில் தொடங்குகிறது, எந்த விடையில் முடிகிறது என்பது அதில் இருந்தால் போதும். கடை அதை ஒப்புக்கொண்ட பிறகே ஸ்கிரிப்ட் தொடங்கும். மின்னஞ்சலில் எழுத வேண்டியது: "ஒப்புக்கொண்ட சுருக்கத்துக்குள் அடங்கும் மாற்றங்கள் திருத்தம். சுருக்கத்தையே மாற்றும் கோரிக்கை புது ஸ்கிரிப்ட்டாகக் கணக்கிடப்படும்." இப்போது இரண்டு நண்பர்கள் என்ற யோசனை வந்தால் சுருக்கத்தைத் திறந்து பார்த்தாலே விடை தெரியும். நியாயம் மறுபக்கமும் இருக்க வேண்டும். எழுத்தாளர் செய்த பிழையைச் சரிசெய்வது சுற்றுக் கணக்கில் சேராது என்றும் அதே இடத்தில் எழுதிவிட வேண்டும். பையின் அளவைக் கடை தவறாகக் கொடுத்திருந்தால் அது சேரும்.

ஒப்படைக்கும் காலத்தில் "இரண்டு வாரம்" என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அது எவ்வளவு பலவீனமானது என்று தெரியும். சுருக்கங்களுக்கு 3 வேலை நாள், ஆறு ஸ்கிரிப்ட்டின் முதல் வரைவுக்கு 5, முதல் திருத்தத்துக்கு 2, இரண்டாவது திருத்தத்துக்கு 2 என்றால் எழுத்தாளரின் உழைப்பு 12 வேலை நாள். கடை சுருக்கத்தைப் படித்துப் பதில் சொல்ல 2 நாள், முதல் வரைவுக்கு 3, திருத்திய வடிவத்துக்கு 2 என்று 7 நாள் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 19 வேலை நாள், அதாவது நான்கு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. எழுத்தாளர் தன் உழைப்பை மட்டும், அதையும் குறைத்து எண்ணி இரண்டு வாரம் என்றார், கடையோ அதை நாட்காட்டியில் குறித்துப் படப்பிடிப்புக்குத் தேதி வைத்துவிட்டது. ஆகவே இறுதி நாளை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு கட்டத்துக்கும் யாருக்கு எத்தனை நாள் என்று எழுத வேண்டும். கடையின் பதில் தாமதமானால் அத்தனை நாளும் ஒப்படைக்கும் தேதியில் கூடும் என்பதையும் சேர்க்க வேண்டும். பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்று சிலர் எழுதுவார்கள். கடைசி வடிவத்துக்கு அது சரி. சுருக்கத்துக்கு அதைப் பயன்படுத்துவது ஆபத்து. படிக்காமலேயே ஒப்புக்கொள்ளப்பட்ட சுருக்கம் பிறகு அளவுகோலாக நிற்காது.

ஆறையும் மொத்தமாகத் தருவதா, தவணையாகத் தருவதா என்ற கேள்விக்கு என் விடை: முதலில் ஒன்றை மட்டும் தந்து, அதன் நடையும் தொனியும் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொண்டு மீதி ஐந்தை எழுத வேண்டும். இதற்குச் சில நாள் கூடுதலாகும். ஆறு ஸ்கிரிப்ட்டிலும் ஒரே குறையைத் திருத்துவதைவிட அது மேல்.

உரிமையில் "ஸ்கிரிப்ட்டின் உரிமை உங்களுக்கே" என்ற ஒற்றை வரி தாராளமாகத் தெரிந்தாலும் அது எதையும் தெளிவாகத் தருவதில்லை. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடுகளில், எழுதப்பட்ட படைப்புக்குப் பதிப்புரிமை எந்தப் பதிவும் இல்லாமல் தானாகவே பிறக்கிறது. வெளியிலிருந்து வரும் எழுத்தாளர் எழுதினால், வேறு ஏற்பாடு இல்லாதவரை பொதுவாக அது அவரிடமே இருக்கும். அதை முழுதாகக் கைமாற்ற எழுத்து வடிவமும் கையொப்பமும் வேண்டும் என்பது பல நாட்டுச் சட்டம். ஆக அந்த வரியை நம்பிய கடையின் கையில் என்ன இருக்கிறது என்பதே வாதத்துக்கு உரியதாகிறது.

இங்கே போட்டியிடும் வழிகள் மூன்று. முழு உரிமை மாற்றத்தில் கடை விரும்பியபடி எல்லாம் செய்யலாம். எழுத்தாளர் தன் மாதிரிப் படைப்பாகக் காட்டக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஓராண்டுக்கு மட்டும் பயன்படுத்த அனுமதிக்கும் உரிமத்தில் எழுத்தாளருக்குப் பாதுகாப்பு அதிகம். ஆனால் ஆண்டு முடிந்ததும் கடை தன் சேனலிலிருந்து வீடியோவை எடுக்க வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. பையைப் பராமரிக்கும் வழி அடுத்த ஆண்டும் அதேதான். மூன்றாவது, பயன்பாட்டுக்கு ஏற்ற பிரத்தியேக உரிமம். நான் பரிந்துரைப்பது இதையே:

"இந்த ஆறு ஸ்கிரிப்ட்டுகளையும் வீடியோவாக்கி, கடையின் இணையதளத்திலும் சமூக ஊடகக் கணக்குகளிலும் கடைக்குள் உள்ள திரைகளிலும் கால வரம்பின்றி வெளியிடும் பிரத்தியேக உரிமை கடைக்கு உண்டு. கட்டணம் செலுத்தி ஒளிபரப்பும் விளம்பரம், மொழிமாற்றம், பிற நிறுவனங்களுக்கு வழங்குதல் ஆகியவற்றுக்குத் தனியே ஒப்புக்கொள்ள வேண்டும். வீடியோ வெளியான பின் ஸ்கிரிப்ட்டை என் மாதிரிப் படைப்பாகக் காட்டுவேன். முழுத் தொகையும் வந்து சேர்ந்த நாளில் இந்த உரிமை தொடங்கும்."

பிரத்தியேகம் என்பதால் அதே ஸ்கிரிப்ட் பக்கத்துக் கடைக்குப் போகாது என்ற உறுதி கடைக்குக் கிடைக்கிறது. பை தயாரிக்கும் நிறுவனம் அந்த வீடியோவைத் தன் விளம்பரமாக்க விரும்பினால், கடை எழுத்தாளரிடம் வந்து பேச வேண்டியிருக்கும். கட்டண விளம்பரம் நிச்சயம் உண்டு என்று கடை முதலிலேயே அறிந்திருந்தால், அதையும் உரிமத்தில் சேர்த்துத் தொகையை அதற்கேற்ப வைப்பது இருவருக்கும் எளிது. தொடருக்காக உருவாக்கிய ஒரு பாத்திரம் கடையின் அடையாளமாகவே மாறப்போகிறது என்றால் மட்டும் முழு உரிமை மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு மின்னஞ்சல் போதாது, கையொப்பமிட்ட ஒப்பந்தம் வேண்டும்.

உரிமை தொடங்கும் நாள் பணத்தோடு இணைந்திருப்பதால், கடை மூன்று வீடியோவோடு தொடரை நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் விடை தேவை. கட்டணத்தை மொத்தமாகக் குறிப்பிடாமல் ஸ்கிரிப்ட் ஒன்றுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதி, உரிமையும் ஸ்கிரிப்ட் வாரியாகவே தொடங்கும் என்று சொல்லிவிட்டால் கணக்கு சிக்கலாகாது. மூன்றுக்குப் பணம் வந்தால் அந்த மூன்றின் பயன்பாட்டு உரிமையும் கடைக்குக் கிடைக்கும், மீதி மூன்றின் சுருக்கங்கள் எழுத்தாளரிடமே இருக்கும். மின்னஞ்சலின் கடைசி வரி, "மேற்கண்டவற்றை ஏற்கிறேன் என்று பதில் அனுப்பினால் மறுநாளே சுருக்கங்களைத் தொடங்குகிறேன்" என்று இருக்கட்டும். அந்தப் பதில் வரும்வரை ஒரு வரியும் எழுதத் தொடங்க வேண்டாம்.