கீழ்த்தட்டா, தண்ணீர்ப் பாத்திரமா: ஐஸ் மீனை இளக்க எது நல்லது?

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே, ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் பல வீடுகளில் ஃப்ரீசர் நிறைந்துவிடும். சீலாத் துண்டு, இறால், கொஞ்சம் ஆட்டுக்கறி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அவற்றை இளக்க இரண்டு வழிகளையும் பல வருடம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டு, இப்போது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டோடு நின்றுவிட்டேன்.

அடுப்படி மேடையில் வைத்து இளக்குவதைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. நடுவில் கல்லாக இருக்கும்போதே மேல்பகுதி சூடேறிக் கிருமி பெருகத் தொடங்கிவிடும். மைக்ரோவேவில் நான் இரண்டொரு தடவைதான் செய்திருக்கிறேன். ஓரம் வெந்துவிடுவதால், எடுத்த கையோடு சமைத்தாக வேண்டும்.

தண்ணீர் வழியின் பலம் வேகம். கசியாத பையில் போட்டு முக்கி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் அரைக்கிலோ மீன் ஒரு மணி நேரத்துக்குள் இளகிவிடும். ஆனால் அந்தத் தண்ணீர் குளிர்ந்த தண்ணீராக இருக்க வேண்டும். நம் ஊரில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவது மதியம் கை கழுவவே வெதுவெதுப்பாக இருக்கிறது. ஐஸ் போடாமல் அதில் மீனை முக்குவது மேடையில் வைப்பதற்குச் சமம்.

கீழ்த்தட்டில் வைத்தால் அரைக்கிலோவுக்கும் ஒரு ராத்திரி வேண்டும், முழுக் கோழிக்கு ஒரு நாள். விளிம்பு உள்ள தட்டில், மற்ற எல்லாவற்றுக்கும் கீழே வைக்க வேண்டும். இல்லையென்றால் ரத்தத் தண்ணீர் தயிரில் சொட்டும். எனக்கு முடிவைச் சொன்னது வேறொரு விஷயம். கீழ்த்தட்டில் இளகியது கடைசிவரை 4 டிகிரிக்குள்ளேயே இருப்பதால், திடீரென்று சமைக்க முடியாமல் போனால் ஓரிரு நாளுக்குள் பச்சையாகவே திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாம். தண்ணீரில் இளகியதை அப்படி வைக்கக் கூடாது. முதலில் சமைத்து, அப்புறம்தான் உறைய வைக்கலாம். திரும்ப உறைந்த மீன் நீர் விட்டுச் சற்றுத் தளர்ந்திருக்கும், பொரிப்பதைவிடக் குழம்புக்கு ஏற்றது.

கரன்ட் போனாலும் இதே கணக்குதான். ஐப்பசி மழையில் ஒருமுறை இரவு 8 மணிக்குப் போய் மறுநாள் மாலை 6 மணிக்கு வந்தது. கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் குளிர் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்னப் பெட்டிக்கு நான் அவ்வளவு நம்பிக்கை வைக்க மாட்டேன். எங்களுடையது தனி ஃப்ரீசர், பாதிதான் நிறைந்திருந்தது.

திறந்ததும் முதலில் பார்த்தது நாணயத்தை. டம்ளரில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய் வைத்திருப்பேன். அது அடிவரை போயிருந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள், நாம் ஊரில் இல்லாதபோது கரன்ட் போய் வந்தாலும் காட்டிக்கொடுக்கும். அன்றைக்கு ஒரு விரல் அளவுதான் இறங்கியிருந்தது. டம்ளர் பொதுவாகத்தான் சொல்லும், பொட்டலங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அடியில் இருந்த சீலாத் துண்டுகளுக்கு நடுவில் ஐஸ் பொடி நறநறத்தது, கறியின் நடு கெட்டியாக இருந்தது. இரண்டையும் திரும்ப வைத்து, முதலில் சமைக்க வேண்டியவை என்று எழுதி ஒட்டினேன்.

மேலே கதவோரம் இருந்த சாளைப் பை தொளதொளவென்று, தண்ணீர் விட்டு, குளிர்ச்சியே இல்லாமல் கிடந்தது. நாற்றம் இல்லை. "மோந்து பாரு, நல்லாத்தான் இருக்கு, வறுத்துட்டா சரியாப்போயிரும்" என்றார் அத்தை. நான் கேட்கவில்லை. சாளை, சூரை, அயிலை, சீலா போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அவற்றில் ஹிஸ்டமினை உண்டாக்கும். அது மூக்குக்குத் தெரியாது. வறுத்தாலும் திரும்ப உறைய வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு வரும். 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரம் இருந்திருக்கலாம் என்று பட்டாலே போட்டுவிட வேண்டும்.

கீழ்த்தட்டின் பலவீனமும் அன்றைக்கே தெரிந்தது. ஃப்ரிட்ஜ் பகுதி கதவு மூடியிருந்தாலும் 4 மணி நேரம்தான் தாங்கும். மறுநாள் குழம்புக்கென்று அங்கே இளக வைத்திருந்த அரைக்கிலோ இறால் வீணாயிற்று. அதிலிருந்து, புயல் எச்சரிக்கை வந்த நாளில் எதையும் கீழ்த்தட்டுக்கு இறக்குவதில்லை. அன்றைக்கு வேண்டியதை ஐஸ் போட்ட தண்ணீரில் இளக்கி உடனே அடுப்பில் ஏற்றிவிடுகிறேன்.