ஆடாத கொக்கி, ஆடும் கொக்கி: படத்தில் பார்த்து வாங்கிய இரண்டு டேப்புகள்

தக்கலையில் உள்ள என் பட்டறைக்காகச் சென்ற ஆண்டு 5 மீட்டர் டேப் இரண்டை, படத்தை மட்டும் பார்த்து அடுத்தடுத்து வாங்கினேன். முதலாவது 19 மி.மீ. அகலம், பளபளப்பான கூடு. இரண்டாவது 25 மி.மீ. அகலம், விலை ஏறக்குறைய இரு மடங்கு. அகலமான நாடா ஆள் துணையின்றி நீட்டினால் சீக்கிரம் மடங்காது. ஆனால் இடுப்பில் கனக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் ஏமாந்தது நாடாவின் நுனியில் இருக்கும் கொக்கியில். முதல் டேப்பை விற்றவர், "கொக்கி ஆடவே ஆடாது அண்ணே" என்று பெருமையாகச் சொன்னார். அதை நல்ல குணமாக எடுத்துக்கொண்டேன். உண்மையில் கொக்கி, தன் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு முன்னும் பின்னும் நகர வேண்டும். பலகை விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கியின் உட்பக்கம் பூஜ்யம். சுவரில் முட்டி அளக்கும்போது வெளிப்பக்கம் பூஜ்யம். என் ஆடாத கொக்கியின் கனம் 1 மி.மீ. அலமாரியின் உள்ளகலம் 601 இருந்தபோது டேப் 600 காட்டியது. அதே டேப்பை மாட்டி இழுத்து 600 அளந்து அறுத்த தட்டு, 1 மி.மீ. இடைவெளியோடு லொடலொடத்தது. குற்றத்தை முதலில் ரம்பத்தின் மேல்தான் போட்டேன்.

இதைப் படத்திலேயே ஓரளவு பிடிக்கலாம். கூட்டின் படம் எதற்கும் உதவாது. நாடாவின் முதல் 10 செ.மீ.யை நேர் மேலிருந்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரிவெட்டுகள் நிற்கும் துளைகள் நீள்வட்டமாகத் தெரிந்தால் கொக்கி நகரும். ரிவெட்டின் தலை துளையை முழுக்க மறைத்தால், கொக்கியை இழுத்து ஒன்று, தள்ளி ஒன்று என இரு படங்கள் கேட்க வேண்டும். இரண்டாவது டேப்பை அப்படித்தான் கேட்டு வாங்கினேன்.

அதே படத்தில் ரோமன் எண்ணில் துல்லிய வகுப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் வகுப்பு என்றால் 5 மீட்டருக்கு 1.3 மி.மீ. வரை பிழை அனுமதி. முதல் வகுப்புக்கு 0.6. ஆனால் அச்சடிப்பதை யாரும் அச்சடிக்கலாம். ஆகவே கைக்கு வந்ததும் 300 மி.மீ. எஃகு ஸ்கேலின் நுனியில் கொக்கியை மாட்டி இழுத்துப் பாருங்கள். பிறகு ஸ்கேல், டேப் இரண்டையும் சுவரில் முட்டவைத்துப் பாருங்கள். இரு முறையும் 300-இன் கோடு ஸ்கேலின் கோட்டோடு சேர வேண்டும்.

குளச்சல் கடற்காற்றில் நைலான் பூச்சுள்ள அகல நாடா துருப்பிடிக்காமல் இருக்கிறது. ஒரே ஒரு மழைக்காலம்தான் ஆகியிருக்கிறது. அதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். கொக்கியின் துளையில் மரத்தூள் அடைத்தால் இதுவும் ஆடாத கொக்கிதான். வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் தட்டிவிடுகிறேன். முதல் டேப்பையும் எறியவில்லை. உள்ளளவுக்கு அதை எடுத்தால் 1 மி.மீ. கூட்டிக்கொள்கிறேன்.