நோட்டீஸ் பீரியடா, பணமா, ராஜினாமாவா: கம்பெனி வேலையை விட்டு எடுக்கும்போது எதில் எவ்வளவு?

சென்னையில் ஒரு தனியார் அலுவலகம். ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, "உங்க போஸ்ட் இனிமே இல்ல மேடம். நீங்களே ரிசைன் பண்ணிட்டா உங்க எதிர்காலத்துக்கு நல்லது" என்கிறார்கள். வேலையில் குறை இல்லை, ஒழுங்கு நடவடிக்கையும் இல்லை. இந்த நிலையில் மூன்று வழிகள் உண்டு. நோட்டீஸ் காலம் முழுக்க வேலை பார்த்துவிட்டுப் போகலாம். நோட்டீஸுக்குப் பதிலாகப் பணம் வாங்கிக்கொண்டு அன்றைக்கே வெளியேறலாம். கேட்டபடி ராஜினாமா எழுதிக் கொடுக்கலாம். மூன்றுமே ஒரே முடிவுக்குத்தான் போகின்றன என்று நினைத்துப் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கைக்கு வரும் தொகையோ லட்சக் கணக்கில் மாறும்.

இது ஒரு மாதிரிக் கணக்கு. 2019 ஆகஸ்ட் 19 அன்று சேர்ந்தவர். மாதச் சம்பளம் 80,000 ரூபாய். அதில் பேசிக் 40,000, மீதி வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் இரண்டு மாதம். அவரிடம் சொன்ன நாள் 2026 ஜனவரி 30. அதாவது ஆறு வருடம் முடிந்து, ஐந்து மாதம் சொச்சம் ஆகியிருக்கிறது. இந்த 'ஐந்து மாதம் சொச்சம்' என்பதைக் கவனியுங்கள்.

வருடக் கணக்கில் வேலை பார்த்ததற்காக விலகும்போது தரும் பணிக்கொடைதான் கிராஜுவிட்டி. அந்தக் கணக்கில் ஆறு மாதத்தைத் தாண்டிய பகுதி ஒரு முழு வருடமாக எண்ணப்படும். தாண்டாவிட்டால் அந்த மாதங்கள் கணக்கிலேயே வராது. சூத்திரம் எளிது: கடைசிச் சம்பளத்தை (இங்கே பேசிக்) 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். ஜனவரி 30 அன்றே வெளியேறினால் ஆறு வருடம், சுமார் 1,38,460 ரூபாய். நோட்டீஸ் ஓடி மார்ச் இறுதியில் வெளியேறினால் ஏழு மாதம் தாண்டிவிடுகிறது. ஏழு வருடம், சுமார் 1,61,540. ரிலீவிங் தேதி ஒன்று மாறியதற்கே 23,000 ரூபாய் வித்தியாசம். ஐந்து வருட எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இது கிராஜுவிட்டி உண்டா இல்லையா என்ற கேள்வியாகவே மாறிவிடும். அதனால், யார் என்னிடம் கேட்டாலும் முதலில் சேர்ந்த தேதியைத்தான் கேட்பேன்.

நோட்டீஸ் காலத்தில் வேலை பார்த்தால் மாதச் சம்பளம் முழுசாக வரும், படிகள் உட்பட. இரண்டு மாதத்துக்கு 1,60,000. பி.எஃப். தொடரும், குடும்பத்துக்கான குரூப் இன்ஷூரன்ஸும் கடைசி நாள் வரை இருக்கும். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் இந்த இரண்டு மாதம் சம்பளத்தை விடப் பெரிது. சில கம்பெனிகள் "வீட்டிலேயே இருங்கள், சம்பளம் வரும்" என்று லாகினை நிறுத்திவிடுவார்கள். அப்போதும் நீங்கள் அவர்களின் ஊழியர்தான், ரிலீவிங் தேதி பின்னால்தான் வரும். ஆனால் அதுவரை வேறு இடத்தில் சேர முடியாது.

பணம் வாங்கிக்கொண்டு போவதில் பெரிய சிக்கல் எந்தச் சம்பளம் என்பது. நிறைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்களில் நோட்டீஸுக்கு ஈடாக 'பேசிக்' மட்டும் என்று ஒரு வரி இருக்கும், சேர்ந்த நாளில் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். அப்படி இருந்தால் நம் மாதிரிக் கணக்கில் 80,000 மட்டுமே. வேலை பார்த்திருந்தால் வந்திருக்கும் 1,60,000-இல் பாதி. அதோடு கிராஜுவிட்டியிலும் ஒரு வருடம் குறையும். ஆக, ஒரே நோட்டீஸுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் இழப்பு. மாறாக, படிகளும் சேர்ந்த 'கிராஸ்' சம்பளம் என்று எழுதியிருந்து, கையில் அடுத்த வேலையும் தயாராக இருந்தால் இந்த வழிதான் சிறந்தது. மறுநாளே புது இடத்தில் சேரலாம், இரண்டு மாதத்துக்கு இரு பக்கமும் வருமானம். அந்த ஆதாயத்தின் முன்னால் 23,000 பெரிதில்லை. எழுத்தில் 'பேசிக்' என்றிருந்தாலும் கேட்டுப் பாருங்கள். அவசரமாக அனுப்ப நினைப்பது அவர்கள்தான்.

மூன்றாவது வழியான ராஜினாமாவை நான் கடைசியில்தான் வைப்பேன். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. அதோடு ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். 'காரணம் சொல்லாமல் நீக்கலாம்' என்ற ஒப்பந்த வரி இந்தப் பிரிவை மீற முடியாது. உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பிரிவு பொருந்தாது. ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டால், நீக்கியதே அவர்கள் இல்லை என்று ஆகிவிடும், மேல்முறையீட்டுக்கு உத்தரவே இருக்காது.

ஆட்குறைப்பு இழப்பீடும் அதோடு போய்விடும். மேலாளராகவோ மேற்பார்வையாளராகவோ இல்லாமல் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவர் ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். நம் மாதிரி ஊழியர் அந்த வரையறைக்குள் வந்தால், பேசிக்கை வைத்துப் பார்த்தாலே வருடத்துக்கு 20,000. ஆறு வருடத்துக்கு 1,20,000. இங்கும் ஆறு மாத எல்லை பொருந்தும், ஏழாகிவிட்டால் 1,40,000. இந்தத் தொகையை நீக்கும் நேரத்திலேயே தர வேண்டும். 'பிறகு தருகிறோம்' என்றால் அந்த ஆட்குறைப்பையே கேள்வி கேட்கலாம். ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது.

ராஜினாமாவுக்குச் சாதகமாகச் சொல்லப்படுவது ரிலீவிங் லெட்டர். 'டெர்மினேட்டட்' என்று வந்தால் அடுத்த இடத்தில் கேள்வி கேட்பார்கள் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் 'பணியிடம் குறைக்கப்பட்டதால் விடுவிக்கப்படுகிறார், நடத்தையோ செயல்திறனோ காரணமல்ல' என்று எழுதித் தரச் சொன்னால் அந்தப் பயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இருந்தும் ராஜினாமாதான் வேண்டும் என்று அவர்கள் அழுத்தினால், மேலே சொன்ன இழப்பீட்டுக்குக் குறையாத தொகையை மெயிலில் வாங்கிய பிறகே எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்ற வார்த்தைகள் வேண்டாம். 'கம்பெனி கேட்டுக்கொண்டதன்பேரில்' என்று இருக்கட்டும்.

எந்த வழியானாலும் ஃபைனல் செட்டில்மென்ட் ஷீட்டை வரி வரியாகப் பாருங்கள். அவர்கள் நீக்கியும் 'நோட்டீஸ் ரெக்கவரி' என்று ஒரு பிடித்தம் இருக்கக்கூடும். சிஸ்டத்தில் ராஜினாமா என்று பதிந்திருந்தால் தானாக வரும் வரி அது, எடுக்கச் சொல்லுங்கள். சேரும்போது தந்த ஜாயினிங் போனஸைத் திரும்பப் பிடித்திருந்தால், ஆர்டரில் அந்த நிபந்தனை நீங்களாக விலகினால் மட்டுமா, எப்படி விலகினாலுமா என்று படியுங்கள். மீதமிருக்கும் ஏர்ன்ட் லீவ் எத்தனை நாள், எந்தச் சம்பளத்தில் கணக்குப் போட்டார்கள் என்பதும் ஷீட்டில் தெரிய வேண்டும். நீக்கப்பட்ட நாளிலேயே லீவ் பேலன்ஸ், சம்பளச் சீட்டுகள், ஆர்டர் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாலைக்குள் லாகின் போய்விடலாம்.

"செட்டில்மென்ட் 45 நாளில் வரும்" என்பது கம்பெனிகளின் பழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, நீக்கமோ ராஜினாமாவோ எதுவானாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தரச் சொல்கிறது. கிராஜுவிட்டிக்கு மட்டும் தனியாக 30 நாள் அவகாசம். தாண்டினால் வட்டி சேரும். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் பணம் கணக்கில் ஏறும் முன் கையெழுத்துப் போட வேண்டாம். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், தொகையையும் தேதியையும் அதிலேயே எழுதி, ஒரு நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.