மூன்று நாள் டிரிப்பா, தினம் ஆறு மாத்திரையா, சும்மா இருப்பதா: பார்வை நரம்பு அழற்சிக்கு எது?

பாம்பனில் விசைப்படகுக்குப் போகும் 26 வயது இளைஞர், எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாளாக இடது கண்ணை ஓரத்துக்கு உருட்டினால் உள்ளுக்குள் இழுத்து வலிக்கிறது. கண் சிவக்கவில்லை, பீளையும் இல்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் வலையின் சிவப்பு மிதவை வெளிறிய காவியாகத் தெரிகிறது. வெயில் ஏறினால் மங்கல் கூடுகிறது.

கண் மருத்துவர் அட்டையில் பார்த்தால் இடது கண் 6/36, அதாவது மற்றவர் 36 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார். இருட்டறையில் டார்ச்சை வலது கண்ணில் 3 விநாடி காட்டி, சட்டென்று இடது கண்ணுக்கு மாற்றுகிறார். சுருங்க வேண்டிய இடது கண்மணி விரிகிறது. கோளாறு நரம்பில் என்று சொல்ல இது போதும். விழித்திரையைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். மூன்றில் இரண்டு பேருக்கு அழற்சி கண்ணுக்குப் பின்னால்தான் இருக்கிறது. "கண் நல்லாத்தான் இருக்கு" என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவது இதனால்தான்.

இனி சிகிச்சை. மருந்துக்கடைப் பக்கம் அதிகம் புழங்குவது ஸ்டீராய்டு மாத்திரை: கிலோவுக்கு 1 மி.கி. பிரெட்னிசோலோன். இவருக்குத் தினம் 60 மி.கி., அதாவது 10 மி.கி. மாத்திரை ஆறு. சாப்பிட எளிது, விலையும் குறைவு. எங்கள் கணக்கில் இருப்பதிலேயே மோசமான வழி இதுதான், சும்மா இருப்பதைவிடவும் மோசம். 1992இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில் 18 முதல் 46 வயதுக்குட்பட்ட 457 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு பிரிவுக்கு நரம்பு வழி ஊசி, ஒரு பிரிவுக்கு இந்த அளவு மாத்திரை, ஒரு பிரிவுக்கு வெற்று மாத்திரை. மருந்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பார்வை கூடுதலாகத் தேறவில்லை. அதோடு, அழற்சி மீண்டும் வந்தது வெற்று மாத்திரைக்காரர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதே ஆய்வில் மூன்று நாள் ஊசி போட்டவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஆனால் ஆறு மாதம் கழித்து அட்டையைப் படிக்கச் சொன்னால், ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, வழக்கமான வகையில் ஊசி தருவது வேகம் மட்டுமே. ஊசி என்பது மெத்தில்பிரெட்னிசோலோன் தினம் 1 கிராம், சலைனில் கலந்து ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்றுவது. அவசரப்பட்டு ஏற்றினால் இதயத் துடிப்பு தடுமாறும். அதற்கு முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரே பார்த்துவிட வேண்டும். அந்த மூன்று நாளும் தூக்கம் வராது, வாயில் உலோகச் சுவை தட்டும்.

தினமும் தங்கச்சிமடத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ பஸ் ஏறி வந்து டிரிப் ஏற்ற முடியாதவருக்கு ஒரு மாற்று உண்டு: அதே பலத்தை மாத்திரையாக மூன்று நாள் கொடுப்பது. 1 கிராம் ஊசிக்கு ஈடு 1250 மி.கி. பிரெட்னிசோலோன், 40 மி.கி. மாத்திரையாக ஒரு நாளைக்கு 31. சீட்டைப் பார்த்த கடைக்காரர் எழுத்துப் பிழை என்று நினைத்துக் குறைத்துக் கொடுத்துவிடலாம். அப்படிக் குறைந்தால் முன்னே சொன்ன மோசமான வழியில் போய் விழுவோம். மருத்துவர் எண்ணிக்கையை எழுத்தாலும் எழுதித் தர வேண்டும். வயிற்றுக்குப் பாதுகாப்பு மாத்திரையும் சேர வேண்டும்.

காத்திருப்பது? வழக்கமான வகையில் அது நியாயமான வழிதான். வலி ஓரிரு வாரத்தில் அடங்கும், மூன்று வாரத்துக்குள் பார்வை ஏறத் தொடங்கும். ஓராண்டில் 10 பேரில் 9 பேருக்காவது 6/12 அல்லது அதைவிட மேல் வந்துவிடும். நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியே நிற்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கு பெரும்பாலும் வெள்ளையர்களைக் கொண்ட ஆய்விலிருந்து வந்தது. நம்மவர்களிடம் அக்வாபோரின்-4, மாக் என்ற புரதங்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்களால் வரும் வகைகளையும் மனதில் வைத்தாக வேண்டும். முதல் வகையில் தாமதித்த ஒவ்வொரு நாளும் நரம்புக்கு நட்டம். இரண்டு கண்ணும் ஒன்றாக மங்கினாலோ, வெளிச்சமே தெரியாமல் போனாலோ, விடாத விக்கலும் வாந்தியும் வந்தாலோ, கால் தளர்ந்து சிறுநீர் அடைத்தாலோ காத்திருக்கும் பேச்சே கூடாது. ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவு வரும்முன்னே ஊசியைத் தொடங்கிவிட வேண்டும்.

நம் பாம்பன் இளைஞருக்கு அப்படி எதுவும் இல்லை, வலது கண் முழுசாக இருக்கிறது. ஆனாலும் இரவில் படகு விளக்கின் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பவர். அந்த வேகம் அவருக்குத் தேவை என்பதால் மூன்று நாள் ஊசிக்கே எங்கள் ஓட்டு. கூடவே மூளைக்கும் கண்குழிக்கும் எம்.ஆர்.ஐ. அமெரிக்க ஆய்வைத் தொடர்ந்து பார்த்ததில், மூளையில் ஒரு தழும்பும் இல்லாதவர்களில் 25 சதவீதத்தினருக்கும், ஒன்றாவது இருந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கும் மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் 15 ஆண்டில் வந்தது. ஊசிக்குப் பின் சில நாள் தொடரும் ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைக்கும்போது வலி திரும்பினால், மாக் வகையோ என்று சந்தேகப்பட்டு அந்த ரத்தப் பரிசோதனையை உடனே கேட்க வேண்டும்.