ஒரே நோட்டா, இரட்டைப் பதிவா?

புதிதாக மளிகைக் கடை வைப்பவர்களுக்குக் கணக்கு எழுதுவதில் வரும் குழப்பம் இது. ஒரு கடையை வைத்தே பார்க்கலாம். கைப்பணம் 50,000 ரூபாயோடு தொடக்கம். 20,000 ரூபாய்க்குக் கடனில் சரக்கு வருகிறது. அதில் 2,400 ரூபாய்ச் சரக்கு 3,000 ரூபாய்க்கு ரொக்கமாக விற்கிறது.

ஒரே நோட்டு: பணம் வந்தால், போனால் மட்டும் எழுதுவோம். இருப்பு 53,000. மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய 20,000 இதில் தெரியாது.

இரட்டைப் பதிவு: ஒவ்வொரு நடவடிக்கையும் குறைந்தது இரண்டு கணக்குகளைத் தொடும். கடன் சரக்கு வந்ததும் சரக்கும் 20,000 ஏறும், கடனும் 20,000 ஏறும். விற்றதும் பணம் 3,000 கூடும், சரக்கு 2,400 குறையும், மிச்சம் 600 லாபமாக, கடைக்காரர் போட்ட 50,000 முதலோடு சேரும்.

சொத்து: 53,000 + 17,600 = 70,600
கடன் + முதல்: 20,000 + 50,600 = 70,600

உழைப்பு: நோட்டுக்குச் சில நிமிடம் போதும். இரட்டைப் பதிவுக்குப் பழக்கம் வேண்டும்.

பிழை: நோட்டில் 540-ஐ 450 என்று எழுதினால் கல்லாவை எண்ணினால்தான் தெரியும். இரட்டைப் பதிவில் ஒரு பக்கம் மட்டும் அப்படி மாறினால் 90 உதைக்கும். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியதா என்று பாருங்கள். ஆனால் ஒரு விற்பனையையே எழுத மறந்தால் இரு பக்கமும் சமமாகத்தான் நிற்கும்.

முழுக்க ரொக்கத்தில் ஓடும் டீக்கடைக்கு நோட்டே போதும். கடனில் வாங்குகிறீர்கள், கடனுக்கு விற்கிறீர்கள் என்றால் முதல் நாளிலிருந்தே இரட்டைப் பதிவு வையுங்கள்.