8 மணி வண்டி 11:50க்கு வந்தது: வீடு மாறுகிறவர்கள் லிஃப்ட் புக் பண்ணும் முன் இதைப் படியுங்கள்

ஆவணி பிறந்த முதல் வாரம், வெள்ளிக்கிழமை. பள்ளிக்கரணையில் ஏழாவது மாடியிலிருந்து போரூரில் நான்காவது மாடிக்கு வீடு மாறினோம். அந்த ஒரு நாளில் பேசிய வண்டி வாடகை போக 6,700 ரூபாய் கூடுதலாகப் போனது. பணத்தைவிட, மாலை ஆறு மணிக்குச் சாமான்களை வண்டியில் வைத்துக்கொண்டு "காசு கொடுத்தால்தான் இறக்குவோம்" என்று நின்றார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை. இதே மாதிரி அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள் என்பதால் ஆவணி முதல் வாரத்தில் வண்டி கிடைப்பதே கஷ்டம். மூன்று பேக்கர்ஸிடம் விலை கேட்டேன். ஒருவர் 16,500 சொன்னார்: 14 அடி வண்டி, நான்கு ஆட்கள், பேக்கிங், ஏற்றி இறக்கி வைப்பது எல்லாம் சேர்த்து. மற்ற இருவரைவிட இரண்டாயிரம் குறைவு. 5,000 முன்பணம் அனுப்பினேன். "காலையில 8 மணிக்கு வண்டி கேட்ல நிக்கும் மேடம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தியும் வந்தது.

அடுத்து லிஃப்ட். பழைய குடியிருப்பில் சாமான் ஏற்ற சர்வீஸ் லிஃப்ட் ஒன்றுதான். அசோசியேஷன் அலுவலகத்தில் வீட்டு உரிமையாளரின் என்ஓசி, 5,000 ரூபாய் டெபாசிட் இரண்டும் கொடுத்தால் நேரம் ஒதுக்குவார்கள். எனக்குக் கிடைத்தது காலை 9 முதல் 1 மணி வரை. போரூரில் 2 முதல் 6 வரை. அங்கே ஆறு மணிக்கு மேல் சாமான் ஏற்ற விடமாட்டார்கள், ஆபீஸ் முடிந்து எல்லோரும் திரும்பும் நேரம் என்று காரணம் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருக்கிறது, பயணத்துக்குப் போதும் என்று நினைத்தேன். ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பிப்பதால், காலை ஆறரைக்கே போய்ப் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டுத் திரும்பி வந்துவிட்டோம்.

எட்டு மணிக்கு வண்டி இல்லை. எட்டரைக்குப் போன் செய்தால் "கிளம்பிட்டாங்க மேடம்". ஒன்பதரைக்கு "டிராஃபிக் மேடம்". பத்தரைக்கு எடுக்கவே இல்லை. 11:50க்கு வண்டி உள்ளே வந்தது, நான்கு பேருக்குப் பதில் மூன்று பேரோடு. பின்கதவைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. தரையில் கிழிந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதில் கறுப்பு மார்க்கரில் வேறொருவரின் பிளாட் எண், கீழே "கூடுவாஞ்சேரி, கிச்சன்" என்று எழுதியிருந்தது. ஆட்களின் சட்டை ஏற்கெனவே நனைந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அதே வண்டி அதே ஆட்களோடு கூடுவாஞ்சேரியில் ஒரு வீட்டை இறக்கிவிட்டு வந்திருக்கிறது. டிராஃபிக் இல்லை, இரட்டை புக்கிங். அவர்கள் எட்டு மணி என்று சொன்னது எனக்கான நேரமே இல்லை.

இந்தத் தாமதம் ஏன் இவ்வளவு அடித்தது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். எங்கள் வீடு இரண்டு படுக்கையறை. சுமார் 60 அட்டைப்பெட்டிகள், கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா. லிஃப்டில் 13 பேர், 884 கிலோ என்று தகடு இருக்கும். எடையைப் பார்த்தால் எவ்வளவோ ஏற்றலாம் என்று தோன்றும், ஆனால் எடைக்கு முன்பு இடம் தீர்ந்துவிடும். கதவை மூடும் அளவுக்கு அடுக்கினால் ஒரு தடவைக்கு நான்கைந்து பெட்டிகள், அல்லது ஒரு பெரிய சாமான். ஏழாவது மாடியில் ஏற்றி, கீழே இறங்கி, வண்டியில் வைத்துவிட்டுத் திரும்ப ஆறேழு நிமிடம். இருபத்தைந்து முப்பது நடை ஆகும், அதாவது சுமார் மூன்று மணி நேரம். நான்கு மணி நேரம் ஒதுக்கியதில் மிச்சம் இருப்பது ஒரு மணி நேரம்தான். கட்டிலைக் கழற்றுவது, மெத்தையை உள்ளே தள்ளுவது இதிலேயே போய்விடும். எங்கள் மெத்தை அறுபது அங்குல அகலம். நிமிர்த்தி நிறுத்தினாலும் லிஃப்டுக்குள் நேராகப் போகவில்லை. ஃபோம் என்பதால் மூன்று பேர் சேர்ந்து வளைத்துக் கயிறு கட்டித்தான் நுழைத்தார்கள். அதற்கே பதினைந்து நிமிடம்.

ஒரு மணிக்கு எங்கள் நேரம் முடிந்தது. பாதிகூட இறங்கவில்லை. அடுத்த நேரம் ஒன்பதாவது மாடிக் குடும்பத்துக்கு, அவர்கள் வண்டி சரியாக வந்து நிற்கிறது. மேனேஜர் லிஃப்டை அவர்களுக்குத் திருப்பச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் இருந்த அட்டவணை அதுதான். அந்த வீட்டு அம்மா நல்ல மனசு. "ஒரு தடவை நீங்க, ஒரு தடவை நாங்கன்னு மாத்தி மாத்தி எடுத்துக்கலாம்மா" என்றார். அதனால்தான் மூன்றே முக்காலுக்காவது கிளம்ப முடிந்தது. அவசரத்தில் பீரோவின் கால் லிஃப்ட் சுவரில் கோடு இழுத்தது. நேரம் மீறியதற்கும் கீறலுக்கும் சேர்த்து டெபாசிட்டில் 2,000 பிடித்துக்கொண்டார்கள்.

கத்திப்பாரா தாண்டி ராமாபுரம் பக்கம் நெரிசலில் ஊர்ந்து, போரூரில் கேட்டை அடையும்போது மணி 5:35. அங்கே வாசலில்தான் இன்னொன்று தெரிந்தது. கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் தளத்துக்குக் கீழே பார்க்கிங். அதன் மேல் லாரி ஏற அனுமதி இல்லை. வண்டியைக் கேட்டிலேயே நிறுத்தி டிராலியில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆறு மணிக்குள் ஃபிரிட்ஜும் எட்டுப் பெட்டிகளும்தான் மேலே போயின. செக்யூரிட்டி அண்ணா வந்து, "அக்கா, இதுக்கு மேல எனக்குப் பவர் இல்ல, செக்ரட்டரி லிஃப்டை லாக் பண்ணச் சொல்லிட்டாரு" என்றார். செக்ரட்டரிக்கு நானே பேசினேன். அடுத்த நாள் காலை வேறொருவர் புக் செய்திருக்கிறார், மதியம் வாருங்கள் என்றார்.

இந்த நேரத்துக்காகவே காத்திருந்த மாதிரி சூப்பர்வைசர் பேச ஆரம்பித்தார். "படியில தூக்கணும்னா மாடிக்கு 800 மேடம். நாலு மாடிக்கு 3,200. வெயிட்டிங் சார்ஜ் 1,500. இல்லேன்னா வண்டி ராத்திரி நிக்கும், அதுக்கு ஹால்டிங் 3,500." தாமதமே உங்களால்தானே என்றேன். "லிஃப்ட் கிடைக்காதது எங்க பொறுப்பு இல்ல, கொட்டேஷன்ல போட்டிருக்கு, பாருங்க." பார்த்தேன், போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில்: லிஃப்ட் கிடைக்காத பட்சத்தில் மாடி ஒன்றுக்குக் கூடுதல் கட்டணம். எவ்வளவு என்றுகூட இல்லை. மாமியாரின் துணியும் மாத்திரைகளும் படுக்கையும் வண்டிக்குள். கொடுத்தேன். ஒன்பது மணிக்கு மேல்தான் இறக்கி முடித்தார்கள்.

மறுநாள் நிறுவனத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். வாட்ஸ்அப் செய்தி, கேட்டில் வண்டி நுழைந்த நேரம் பதிந்திருந்த பதிவின் படம், கூடுவாஞ்சேரிப் பெட்டியின் படம் மூன்றையும் இணைத்தேன். மூன்று வாரத்தில் 1,500 மட்டும் திரும்பி வந்தது. "8 மணிக்கு வண்டி நிக்கும்" என்று அவர்களே எழுதியிருந்ததால் வெயிட்டிங் சார்ஜை அவர்களால் நியாயப்படுத்த முடியவில்லை. படிக்கட்டுக் கூலி 3,200க்கு அந்தச் சின்ன எழுத்தைக் காட்டுகிறார்கள். எழுத்தில் என்ன இருந்ததோ அது வந்தது, வாயால் பேசியது எதுவும் வரவில்லை.

எங்களுக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன். வண்டிக்காரர் சொல்லும் நேரமும் அசோசியேஷன் கொடுக்கும் நேரமும் ஒன்றுக்கொன்று தெரியாது. நடுவில் விழும் செலவு வாடகைக்கு இருப்பவர் தலையில்தான். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேக்கர்ஸிடம் நேராகக் கேளுங்கள்: அன்று காலை அந்த வண்டிக்கு வேறு லோடு இருக்கிறதா? "இருக்காது மேடம்" என்று வாயால் சொல்வார்கள். எழுதிக் கேட்டால் பதிலின் தொனி மாறும், அதிலேயே தெரிந்துவிடும். முந்தின நாள் மாலை வண்டி எண்ணும் டிரைவர் எண்ணும் கேளுங்கள். எங்களுக்கு "காலையில அனுப்புறோம்" என்றார்கள். வண்டி அப்போது இன்னொருவருக்கும் பேசப்பட்டிருந்தது என்று இப்போது தெரிகிறது.

பேக்கிங்கை முந்தின நாளே முடித்துவிடுங்கள். லிஃப்ட் நேரம் தூக்குவதற்கு மட்டும் மிஞ்சும். ஏசியைக் கழற்ற ஆள் வருவதாக இருந்தால் அதுவும் முந்தின நாளே. இறங்கும் வீட்டு அசோசியேஷனிடம், லாரி எதுவரை வரலாம், நேரம் தாண்டினால் என்ன நடக்கும், மறுநாள் காலை லிஃப்ட் காலியா என்ற மூன்றையும் கேட்டு மெயிலில் பதில் வாங்குங்கள். முடிந்தால் இரண்டு வீட்டு நேரத்துக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். ஒரே நாளில் கிடைக்காவிட்டால், இறக்குவதை மறுநாள் காலைக்கு வைத்து, ராத்திரி நிறுத்தும் கட்டணத்தை முன்பே பேசி எழுதிக்கொள்வது எங்களுக்கு ஆனதைவிடக் குறைவாகவே முடியும்.

இப்போது என் தங்கை தை மாதம் பெரும்பாக்கத்திலிருந்து வீடு மாறுகிறாள். அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த செய்தி இது, வேண்டுமென்றால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "லிஃப்ட் நேரம் காலை 9 முதல் 1 வரை. வண்டியும் நான்கு ஆட்களும் 8:30க்குக் கேட்டில் இருக்க வேண்டும். அன்று அதற்கு முன் வேறு லோடு கூடாது. உங்கள் தாமதத்தால் லிஃப்ட் நேரம் போனால் படிக்கட்டுக் கூலி, வெயிட்டிங், ஹால்டிங் எதுவும் நாங்கள் தர மாட்டோம். சம்மதம் என்றால் பதில் எழுதுங்கள், அதன் பிறகு முன்பணம் அனுப்புகிறேன்." நான்கு பேருக்கு அனுப்பினாள். இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் 1,500 கூட்டிச் சொல்லிச் சம்மதித்தார். அவருக்குத்தான் முன்பணம் அனுப்பியிருக்கிறாள்.

3,200 ரூபாய்க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கக் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இதே மாதிரி படிக்கட்டுக் கூலி கொடுத்தவர்கள் உங்கள் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்து, அதில் தொகை எழுதியிருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள். மனுவில் எனக்கு அது உதவும்.