சம்பளச் சீட்டும் கடல் பங்கும்: வீட்டுச் செலவை எந்தக் கணக்கில் பிரிப்பது?

மண்டபத்தில் விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. மீன் விற்ற தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கழித்துவிட்டு மீதியை முதலாளிக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரித்து எழுத வேண்டும். பங்கு அளவு படகுக்குப் படகு மாறும். ஆனால் எந்தப் படகிலும் "இவனுக்கு மாதம் இவ்வளவு" என்று நிலையான தொகை கிடையாது. வந்ததில் பங்கு, அவ்வளவுதான்.

போன ஜூன் மாதம் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில் என் தங்கச்சியும் மச்சானும் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். தங்கச்சி அரசுப் பள்ளி ஆசிரியை. மச்சான் விசைப்படகில் டிரைவர். வாடகை, மளிகை, கேஸ், கரண்டு, பையனுக்கு வேன் கட்டணம், குடத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் குடிதண்ணீர் எல்லாம் சேர்த்து மாதம் 24,600 ரூபாய் பொதுச்செலவு. அதை இருவரும் எப்படிப் பகிர்வது என்பதில்தான் வழக்கு.

மச்சானுக்குச் சரிபாதிதான் வேண்டும். "வீட்டுக்குப் பாதி கூடப் போடலைன்னா நான் என்ன மச்சான் ஆம்பளை?" என்றார். தங்கச்சி, கைக்கு வரும் சம்பள விகிதப்படி பிரிக்கலாம் என்றாள். கேட்க நியாயமாக இருந்தது. ஆனால் அவள் எழுதி வந்திருந்த விகிதத்தில் ஒரு கோளாறு இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் பாதிக்குப் பாதி. ஆளுக்கு 12,300. கணக்கு சுலபம், யாரும் யாருடைய சம்பளத்தையும் பார்க்க வேண்டாம். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வருமானம் என்றால் இதற்கு மேல் யோசிக்கவே தேவையில்லை. ஆனால் மச்சானுடைய பங்கு ஆகஸ்ட்டில் 38,000, நவம்பரில் காற்றும் மழையுமாக 12,000. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில்தான். அந்த மே மாதம் முழுக்க வலை வேலையும் படகு மராமத்தும் பார்த்துக் கூலியாக வந்தது 8,000. (நிவாரணத் தொகையை நான் இதில் சேர்க்கவில்லை. அது வருகிற நாள் நம் கையில் இல்லை.) 8,000 வந்த மாதத்தில் 12,300 போட வேண்டும் என்றால் மீதி 4,300 எங்கிருந்து வரும்? முதலாளியிடம் முன்பணம்தான். முன்பணம் வாங்கியவர் அதை அடைக்காமல் வேறு படகுக்கு மாற முடியாது. வீட்டுக்குள்ளே சரிபாதி என்று கௌரவமாகத் தெரிவது, கடற்கரையில் ஒரே படகோடு கட்டிப்போடுகிற கயிறாகிவிடும். மச்சானுக்கு இதை நோட்டைக் காட்டித்தான் புரியவைத்தேன். முன்பணப் பேரேடு என் கையெழுத்தில்தானே இருக்கிறது.

இப்போது விகிதக் கணக்கு. தங்கச்சி எழுதி வந்தது 32,000-க்கு 22,000. முதல் எண் அவள் வங்கிக் கணக்கில் விழும் தொகை. இரண்டாவது மச்சானுடைய பன்னிரண்டு மாதப் பங்கு 2,64,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தது. இந்த விகிதத்தில் அவள் பங்கு சுமார் 14,580, அவர் பங்கு சுமார் 10,020.

அவளுடைய சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மொத்தம் 44,000. ஓய்வூதியப் பிடித்தம் 4,200, மருத்துவக் காப்பீடு 300. இந்த இரண்டும் அவள் வேண்டாம் என்றாலும் போகும், அதனால் கழிக்கலாம். அடுத்த வரியில் கூட்டுறவு சொசைட்டி 7,500. இதில் கடன் தவணை 5,000, சேமிப்பு 2,500. சேமிப்பு என்பது அவள் பெயரில் சேரும் பணம். அதைக் கழித்துவிட்டுக் கைக்கு வந்ததைக் காட்டினால் அவள் சேமிப்பில் ஒரு பகுதியை மச்சான் சுமக்கிறார் என்று அர்த்தம். கடன் தவணையும் அவள் முடிவில் வாங்கியதுதான். வெளியே ஒரு வங்கியில் அதே கடனை வாங்கி, சம்பளம் கைக்கு வந்த பிறகு கட்டியிருந்தால் விகிதத்தில் அது தெரிந்தே இருக்காது. சீட்டிலேயே பிடிக்கிறார்கள் என்பதற்காக அது வருமானத்தில் இல்லை என்று ஆகிவிடாது.

ஆக, நம் விருப்பத்தைக் கேட்காமல் பிடிப்பதை மட்டும் கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அவளுடைய தொகை 39,500. 39,500-க்கு 22,000 என்றால் அவள் 15,800, அவர் 8,800. முன் கணக்குக்கும் இதற்கும் மாதம் 1,220 ரூபாய் வித்தியாசம், வருஷத்துக்கு 14,600-க்கு மேல். ஓய்வூதியப் பிடித்தமும் நாளைக்கு அவள் பணம்தானே, மச்சானுக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்று கேட்கலாம். கேட்பது சரிதான். ஆனால் இன்றைக்கு அந்தப் பணத்தில் அரிசி வாங்க முடியாது, அதனால் விட்டுவிட்டேன்.

மச்சான் பக்கத்திலும் ஒரு தவறு இருந்தது. ஏப்ரலில் வாங்கிய முன்பணத்தை வருமானம் என்று எழுதியிருந்தார். ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் முன்பணம் கழிப்பதற்கு முந்தைய பங்கையும் முழுசாக எழுதியிருந்தார். ஒரே காசு இரண்டு தடவை வருமானமாகி நின்றது. முன்பணத்தை அடித்துவிட்டேன். மேலே சொன்ன 2,64,000 அதற்குப் பிறகு வந்த தொகை. கடலுக்குப் போகிற நாளில் கையில் கொடுக்கும் படிக்காசு டீக்கும் வெற்றிலைக்கும் போய்விடும், அதையும் சேர்க்கவில்லை. வீட்டுக்கு வரும் கறிமீனை என்ன செய்வது என்று தங்கச்சி கேட்டாள். அதற்கு விலை போட்டால், விடியுமுன் எழுந்து அவள் சமைப்பதற்கும் விலை போட வேண்டும். இரண்டையும் தொடாமல் விட்டோம்.

சரி, 39,500-க்கு 22,000 என்று முடிவாகிவிட்டது. பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் இதற்குப் பிறகுதான். 22,000 என்பது சராசரி. அந்தத் தொகை அப்படியே கைக்கு வந்த மாதம் ஒன்றுகூட அந்த நோட்டில் இல்லை. ஒரே விகிதத்தை மூன்று விதமாகக் கையாளலாம். மச்சான் போடும் தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி வருகிறது:

| முறை | ஆகஸ்ட் | மே | வருஷத்துக்கு |
|---|---|---|---|
| சரிபாதி | 12,300 | 12,300 | 1,47,600 |
| சராசரிப்படி நிலையான தொகை | 8,800 | 8,800 | 1,05,600 |
| அந்தந்த மாத விகிதம் | 12,060 | 4,140 | 1,01,600 |
| வந்ததில் 40 சதவீதம் | 15,200 | 3,200 | 1,05,600 |

நிலையான தொகையில் மே மாதத் தொல்லை குறைகிறதே தவிரப் போகவில்லை. 8,000 வந்த மாதத்தில் 8,800 எப்படிப் போடுவது? ஆகஸ்ட்டிலேயே எடுத்து வைக்கலாம் என்பீர்கள். ஆகஸ்ட்டில் கையில் நிற்கும் காசு மே வரை நின்றதை நான் இந்தக் கரையில் அதிகம் பார்த்ததில்லை.

அந்தந்த மாத விகிதம் மிக நியாயமாகத் தெரியும். மாதக் கடைசியில் இருவர் வருமானத்தையும் கூட்டி அந்த மாதச் செலவை அதே விகிதத்தில் பிரிப்பது. இதில் வெளியே தெரியாத ஒரு சாய்வு உண்டு. பட்டியலைப் பாருங்கள், வருஷக் கணக்கில் மச்சான் 4,000 ரூபாய் குறைவாகப் போடுகிறார், அந்த 4,000 தங்கச்சி தலையில் விழுகிறது. வருமானம் ஏறும்போது அவர் பங்கு அதே வேகத்தில் ஏறுவதில்லை, இறங்கும்போது சட்டென்று இறங்கிவிடுகிறது. ஏற்ற இறக்கம் கூடக்கூட இந்தச் சாய்வும் கூடும். அது போக, மே மாதத்தில் அவள் 20,460 போட வேண்டும். பிடித்தமெல்லாம் போய்க் கைக்கு வரும் 32,000-த்தில் அது பெரிய துண்டு.

நான் சொன்னது நாலாவது முறையை, அதாவது படகுக் கணக்கை. வருஷப் பொதுச்செலவை இருவரின் வருஷ வருமானத்தால் வகுத்தால் 40 சதவீதம் வருகிறது. இனி யாருக்கு எப்போது எவ்வளவு வந்தாலும் அதில் 40 சதவீதம் பொதுக் கணக்குக்கு. தங்கச்சி மாதம் 15,800. மச்சான் பங்கு பிரித்த அன்றே அதில் நாற்பது. அகவிலைப்படி உயர்ந்தால் அவள் தொகை தானாகவே ஏறும், அதற்காக மறுபடி உட்கார்ந்து பேச வேண்டியதில்லை.

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, தொடங்கும் மாதம். ஜூலையில் தொடங்கினால் போன வருஷ நோட்டின்படி அக்டோபர் முடிவில் பொதுக் கணக்கில் 13,600 மிச்சம் நிற்கும். நவம்பர், டிசம்பரில் கரைந்து 6,800 ஆகும், மார்ச்சில் மறுபடி 12,000-க்கு ஏறும், தடைக்காலம் அதைத் தின்று ஜூன் கடைசியில் சரியாக ஒன்றுமில்லாமல் முடியும். ஒரு மாதமும் கடன் இல்லை. அதே முறையைப் புது வருஷம் என்று ஜனவரியில் தொடங்கினால் மே மாதத்தில் 4,000, ஜூனில் 6,800 துண்டு விழும். தொகையும் சதவீதமும் அதேதான், தொடங்கிய மாதம் மட்டும்தான் வேறு. தடை நீங்கிப் படகு இறங்கும்போது தொடங்க வேண்டும், இல்லையென்றால் ஏழாயிரம் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும்.

பொதுக் கணக்கில் நிற்கும் மிச்சத்தை யாரும் தொடக்கூடாது என்பது எழுதப்படாத பாதி ஒப்பந்தம். அக்டோபரில் 13,600 கிடக்கிறதே என்று தீபாவளிக்கு எடுத்தால் அது மே மாதத்துச் சாப்பாடு. அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டே வாங்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, செலவு போக மிச்சத்தைச் சமமாகப் பிரிக்கும் முறையையும் பேசினோம். ஆளுக்கு 18,450 வரும். தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. தவணையும் சேமிப்புமாக 7,500-ஐ அதிலிருந்து கட்டினால் தன்னிடம் 10,950 மட்டுமே நிற்கும் என்றாள். பேச்சு அதோடு நின்றது.

ஜூலையில் முதல் பங்கு வந்தபோது மச்சான் என் மேஜையிலேயே நாற்பதைப் பிரித்து எண்ணி வைத்தார். அவர் போன பிறகு தங்கச்சிக்குப் போன் போட்டேன். அந்த 5,000 தவணை எங்கள் அப்பா வீட்டுக் கூரைக்காக அவள் வாங்கிய கடன். அந்தக் கூரைக்குக் கீழேதான் நான் இருக்கிறேன். "இனி மாசம் 2,500 நான் அனுப்புறேன், உங்க விகிதத்துல கை வைக்காத" என்றேன். "இதை ஜூன்லயே சொல்லியிருக்கலாம்ல அண்ணே" என்றாள்.